வீட்டு மாவு வியாபாரத்துக்கு வாங்கிய கிரைண்டர்: நுகர்வோர் கோர்ட்டில் பணம் கிடைக்குமா?

"பெங்களூரு அல்சூரில் வீட்டிலேயே தோசை மாவு அரைத்து விற்கிறேன். 28,000 ரூபாய்க்கு வாங்கிய டில்டிங் கிரைண்டர் மூன்றாம் மாதத்திலிருந்து சூடாகி நடுவில் நின்றுவிடுகிறது. மெக்கானிக் மூன்று முறை வந்தும் சரியாகவில்லை. கடைக்காரர் கோயம்புத்தூர் கம்பெனியைக் கேளுங்கள் என்கிறார். கோர்ட்டுக்குப் போகலாமா?"

போகலாம், பெங்களூரிலேயே. கோயம்புத்தூருக்கு அலைய வேண்டாம். 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கடை, கம்பெனி இரண்டையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். ஒன்றை விட்டால் இருப்பவர் இல்லாதவர் மேல் பழி போடுவார்.

கட்டணம்? ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்கு ஒரு பைசா இல்லை. வக்கீல் கட்டாயமும் இல்லை. இதைச் சொல்லாமல் 'நோட்டீஸுக்கு இவ்வளவு, ஃபைலிங்குக்கு இவ்வளவு' என்று வசூலிக்கும் ஏஜென்டுகளிடம் பில்லின் ஒரிஜினலைக் கொடுத்துவிடாதீர்கள். வக்கீல் நோட்டீஸ் அனுப்பாமலே புகார் தரலாம். e-jagriti.gov.in தளத்தில் நீங்களே பதியலாம்.

உங்கள் வழக்கு தடுக்கி விழக்கூடிய இடம் வேறு. 'வியாபாரத்துக்கு வாங்கினார், நுகர்வோரே இல்லை' என்பதுதான் கம்பெனி வக்கீலின் முதல் வாதமாக இருக்கும். பாதி உண்மை அது. வணிகத்துக்கு வாங்கியவரைச் சட்டம் விலக்குகிறது. ஆனால் பிழைப்புக்காகத் தானே உழைத்துச் சம்பாதிக்க வாங்கியவரை விலக்கவில்லை. தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குகிறவர் நுகர்வோர்தான் என்று சுப்ரீம் கோர்ட் 1995-லேயே சொல்லிவிட்டது. ஒத்தாசைக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் பாதகமில்லை. நாலு கிரைண்டர் போட்டு ஆள் வைத்து ஓட்டினால் கதை வேறு. ஆகவே, 'சுயதொழில் மூலம் பிழைப்புக்காக மட்டுமே வாங்கினேன், நானே அரைக்கிறேன்' என்ற வரி புகாரிலேயே இருக்கட்டும். விசாரணையில் வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது ஆதாரம். மெக்கானிக் வந்தபோதெல்லாம் எழுதிய ஜாப் கார்டுகள்தான் உங்கள் பலம். 'சரிசெய்யப்பட்டது, திருப்தி' என்று அச்சிட்ட இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறோம், பாருங்கள், அதுவே நமக்கு எதிர்சாட்சி. இனி வந்தால் 'மீண்டும் சூடாகி நிற்கிறது' என்று உங்கள் கையால் எழுதிக் கையெழுத்திடுங்கள். வெளி மெக்கானிக்கைக் கொண்டு மோட்டாரைப் பிரிக்காதீர்கள். பிரித்தால் 'நீங்கள்தான் கெடுத்தீர்கள்' என்பார்கள். பார்த்தால் தெரியாத குறையென்றால் ஆணையம் சோதனைக்கூடத்துக்கு அனுப்பும். அந்தச் செலவை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டும்.

ஜெயித்தால் புது கிரைண்டரோ வட்டியோடு விலையோ கிடைக்கும். நஷ்டஈடும் வழக்குச் செலவும் தனி. மாவு விற்ற கணக்கு நோட்டு இருந்தால் நஷ்டஈட்டுக்கு உதவும். குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட்டாக வேண்டும்.

மூன்று மாதத்தில், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். வாய்தா மேல் வாய்தா பார்த்த எனக்கு அதைப் படித்தால் சிரிப்பு வருகிறது. தீர்ப்பு வந்தும் பணம் தராவிட்டால் அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு போடுங்கள். உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை விதிக்க அதற்கு அதிகாரம் உண்டு. வாரண்ட் என்ற சொல் காதில் விழுந்ததும் செக் எழுதிய கடைக்காரர்களைப் பார்த்திருக்கிறேன்.