கேட் தேர்வுக்கு முன்: ஃபூரியர் எப்போது, லாப்லாஸ் எப்போது?

கேள்வி: அடுத்த வாரம் கேட் தேர்வு. ஃபூரியர் உருமாற்றம், லாப்லாஸ் உருமாற்றம் இரண்டுக்கும் சூத்திரங்கள் மனப்பாடம். ஆனால் கேள்வியைப் பார்த்ததும் எதை எடுப்பது என்று தெரியாமல் கை நின்றுவிடுகிறது. s-க்குப் பதில் jω போட்டால் இரண்டும் ஒன்றுதானே? பிறகு ஏன் இரண்டு?

பதில்:

அந்தக் கடைசி வரியில்தான் உன் மதிப்பெண் போகிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் ஒரு சிறிய மின்சுற்று: 1 கிலோ ஓம் மின்தடை, அதனுடன் தொடராக 1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி. மின்தேக்கியின் குறுக்கே உள்ள மின்னழுத்தம் வெளியீடு. இரண்டாம் ஆண்டு ஆய்வகத்தில் ஆசிலோஸ்கோப் முன்னால் நாம் அரைநாள் நின்ற அதே சுற்றுதான். RC-யின் மதிப்பு 1 மில்லி விநாடி.

இதை வைத்துத் தேர்வில் ஒரு கேள்வி வருகிறது. மின்தேக்கியில் ஏற்கெனவே 2 வோல்ட் இருக்கிறது. t = 0 என்ற கணத்தில் ஸ்விட்சை மூடி 10 வோல்ட் டி.சி. கொடுக்கிறார்கள். அதன்பின் v(t) என்ன?

சுற்றின் சமன்பாடு RC·dv/dt + v = 10. லாப்லாஸில் dv/dt என்பது sV(s) − v(0) ஆக மாறும். அந்த v(0) இருக்கும் இடத்தில் 2 வோல்ட் போய் உட்கார்ந்துகொள்கிறது.

```
0.001 (sV − 2) + V = 10/s
V(s) = 10/s − 8/(s + 1000)
v(t) = 10 − 8e^(−1000t)
```

t = 0 போட்டால் 2 வோல்ட், நெடுநேரம் கழித்து 10 வோல்ட். 1 மில்லி விநாடியில் ஏறக்குறைய 7.06 வோல்ட். எல்லாம் ஒரே மூச்சில் கிடைத்துவிட்டது.

இதையே ஃபூரியரில் செய்ய முயன்று பார். அங்கே dv/dt என்பது jωV(ω), அவ்வளவுதான். அந்த 2 வோல்ட்டை வைக்க இடமே இல்லை. காரணம் எளிது: ஃபூரியரின் தொகையீடு மைனஸ் முடிவிலியில் தொடங்குகிறது. அதற்குத் ‘தொடக்கம்’ என்று ஒரு கணம் கிடையாது. நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் ஒருபக்க லாப்லாஸோ 0-இல் தொடங்குகிறது. அதற்கு முன் நடந்தவை அனைத்தும் v(0) என்ற ஒரே எண்ணில் சுருங்கி உள்ளே வந்துவிடுகின்றன. கேள்வியில் ஸ்விட்ச் இருந்தால், தொடக்க மதிப்பு கொடுத்திருந்தால், ‘t > 0-க்கு’ என்று கேட்டிருந்தால் யோசிக்காமல் லாப்லாஸை எடு.

இப்போது அதே சுற்று, வேறு கேள்வி. உள்ளீடு 10cos(1000t). அது எப்போது தொடங்கியது என்ற பேச்சே இல்லை, என்றென்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. வெளியீடு என்ன? இதற்கு லாப்லாஸைத் தொடுவது கொசுவுக்குப் பீரங்கி. H(jω) = 1/(1 + jωRC). ω = 1000 என்றால் ωRC = 1, எனவே H = 1/(1 + j). வீச்சு 0.707 மடங்காகக் குறைகிறது, அலை 45 பாகை பின்தங்குகிறது. விடை 7.07cos(1000t − 45°). இரண்டே வரி. வடிகட்டி, அலைவரிசைப் பட்டை, வீச்சு எவ்வளவு, கட்டம் எவ்வளவு என்று கேட்பவை எல்லாம் இந்த வகை. கேள்வித்தாளில் ‘ஸ்டெடி ஸ்டேட்’ என்ற சொல்லைத் தேடு.

மூன்றாவது கேள்விதான் இரண்டையும் ஒரே படத்தில் காட்டுவது. அதே 10cos(1000t), ஆனால் t = 0-இல் ஸ்விட்சைப் போட்டு இணைக்கிறார்கள்; மின்தேக்கி காலி. லாப்லாஸில் செய்து முடித்தால் இப்படி வரும்:

```
v(t) = 7.07 cos(1000t − 45°) − 5e^(−1000t)
```

முதல் உறுப்பைப் பார். சற்றுமுன் ஃபூரியர் கொடுத்த விடை அப்படியே அங்கே இருக்கிறது. இரண்டாவது உறுப்பு ஸ்விட்ச் போட்டதால் வந்த அதிர்ச்சி. t = 0-இல் முதலாவது +5, இரண்டாவது −5, கூட்டினால் பூஜ்யம்; மின்தேக்கி காலியாகத்தான் தொடங்கியது. 5 மில்லி விநாடி கழித்து அந்த அதிர்ச்சியில் மிஞ்சுவது 0.034 வோல்ட். ஆசிலோஸ்கோப்பில் கண்ணுக்கே தெரியாது. ஸ்விட்சின் நினைவு அழிந்தபின் எஞ்சுவதை ஃபூரியர் சொல்கிறது. அழியும் வரை நடப்பதையும் சேர்த்து லாப்லாஸ் சொல்கிறது.

இனி உன் கடைசி வரி. மேலே இரண்டும் பொருந்தி வந்ததற்கு ஒரு நிபந்தனை ஒளிந்திருந்தது: அந்த அதிர்ச்சி அழிய வேண்டும். அழியாவிட்டால்?

தேர்வுக்கு நான் தயாரான ஆண்டில் ஒரு மாதிரித் தேர்வில் இப்படிக் கேட்டிருந்தார்கள். காரண அமைப்பு, அதாவது உள்ளீடு வருமுன் வெளியீடு தராத அமைப்பு ஒன்று; அதன் H(s) = 1/(s − 2). t = 0-இல் cos(2t) கொடுத்தால் நிலைபெற்ற வெளியீட்டின் வீச்சு என்ன? நான் s-க்குப் பதில் j2 போட்டேன். 1/|j2 − 2| = 0.354. விடைகளில் 0.354 முதலாவதாகவே இருந்தது. மகிழ்ச்சியாகக் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். இரண்டு மதிப்பெண் போனதோடு, தவறான விடைக்கு மூன்றில் இரண்டு பங்கும் கழிந்தது.

சரியான விடை ‘நிலைபெற்ற வெளியீடு இல்லை’ என்பது. முழுமையாகச் செய்தால் வெளியீட்டில் e^(2t)/4 என்ற உறுப்பு வருகிறது. ஐந்தாவது விநாடியில் அது மட்டுமே 5,500-ஐத் தாண்டிவிடும். அந்த வெள்ளத்தில் 0.354 எங்கே இருக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்? 0.354 என்ற எண் கணக்கின்படி பிழை இல்லை. நடக்காத ஒன்றுக்கான விடை, அவ்வளவே.

இதன் வேர் தொகையீட்டில் இருக்கிறது. e^(2t)u(t) என்ற குறிகையை எடு. ஃபூரியர் அதை e^(−jωt)-ஆல் பெருக்கித் தொகையிடுகிறது. e^(−jωt) சுழலுமே தவிர எதையும் குறைக்காது. அதன் அளவு எப்போதும் 1. வளர்ந்துகொண்டே போகும் குறிகையின் தொகை வெடித்துவிடும். லாப்லாஸில் s = σ + jω என்பதால் கூடவே e^(−σt) என்ற பிரேக் இருக்கிறது. σ-வை 3 என்று வைத்தால் e^(2t) என்பது e^(−t) ஆகிவிடுகிறது, தொகை அடங்கிவிடும். எந்தெந்த σ-வுக்கு இந்த பிரேக் பிடிக்கிறதோ அந்தப் பகுதியைத்தான் ஆர்.ஓ.சி. என்கிறோம். இங்கே அது σ > 2. ஃபூரியர் என்பது பிரேக்கில் கால் வைக்காமல், σ = 0-இல் ஓட்டுவது. அந்த σ = 0 கோடு, அதாவது jω அச்சு, ஆர்.ஓ.சி.க்குள் இருந்தால் மட்டுமே s-க்குப் பதில் jω போட உனக்கு உரிமை.

நம் ஆர்.சி. சுற்றில் துருவம் −1000-இல் இருந்தது, ஆர்.ஓ.சி. σ > −1000. அச்சு உள்ளே; ஆகவே போட்டோம், பொருந்தியது. 1/(s − 2)-இல் அச்சு வெளியே. ஆனாலும் பிடிவாதமாக jω போட்டால் 1/(jω − 2) என்று ஒன்று கிடைக்கும். அது பொய்யும் அல்ல. −e^(2t)u(−t) என்ற, பூஜ்யத்துக்கு முன் மட்டும் வாழும் வேறொரு குறிகையின் ஃபூரியர் உருமாற்றம் அது. இன்னொருவர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாய். விடை வந்ததாலேயே முகவரி சரி என்று நினைத்துவிடாதே. ஆர்.ஓ.சி. எழுதாத லாப்லாஸ் விடை பாதி விடைதான் என்று பேராசிரியர்கள் கத்துவது இதற்காகத்தான்.

நடுவில் ஒரு வழுக்குப்பாறை உண்டு: அச்சு சரியாக ஆர்.ஓ.சி.யின் விளிம்பில் இருக்கும் நிலை. படிநிலைக் குறிகை u(t) அப்படி. லாப்லாஸ் 1/s, ஆர்.ஓ.சி. σ > 0. jω போட்டால் 1/(jω). ஆனால் உண்மையான ஃபூரியர் உருமாற்றம் πδ(ω) + 1/(jω). அந்த δ எங்கிருந்து வந்தது? u(t)-ஐ இரண்டாகப் பிரி: எக்காலமும் 1/2 என்றிருக்கும் ஒரு மாறிலி, அதனுடன் பூஜ்யத்துக்கு முன் −1/2, பின் +1/2 என்றிருக்கும் ஒரு பகுதி. மாறிலிக்கு πδ(ω), மற்றதற்கு 1/(jω). வெறும் jω போட்டவருக்கு மாறிலி தொலைந்துவிடுகிறது. cos, sin ஆகியவற்றை u(t)-யால் பெருக்கிக் கொடுத்தாலும் இதே சிக்கல்தான். துருவம் அச்சின் மேலேயே உட்கார்ந்திருக்கும். அப்போது jω போடாதே, ஃபூரியர் அட்டவணையைப் பார்த்து எழுது.

இவ்வளவையும் படித்துவிட்டு லாப்லாஸ்தான் பெரியவர், ஃபூரியர் அவருக்குள் அடக்கம் என்று நினைத்துவிடாதே. எதிர்ப்பக்கமும் உண்டு. சின்க் சார்பை, sin(Wt)/(πt)-ஐ எடு. அது இலட்சியத் தாழ்கடத்தி வடிகட்டியின் துடிப்பு விடை. ஃபூரியரில் அழகான செவ்வகம். லாப்லாஸில்? இந்தக் குறிகை இருபக்கமும் முடிவிலி வரை நீள்கிறது, 1/t வேகத்தில் மெதுவாகத்தான் தேய்கிறது. σ-வைச் சிறிது நேர்மமாக வைத்தால் இடதுபக்கம் வெடிக்கும். எதிர்மமாக வைத்தால் வலதுபக்கம் வெடிக்கும். பிரேக் என்று நினைத்து அழுத்தியது ஒரு பக்கத்துக்கு ஆக்சிலரேட்டர் ஆகிவிடுகிறது. ஆர்.ஓ.சி. என்று ஒரு பட்டையே கிடையாது. என்றென்றும் ஓடும் cos(ω₀t)-க்கும் இதே கதி. ஃபூரியரில் இரண்டு துடிப்புகள், இருபக்க லாப்லாஸில் ஒன்றுமில்லை. ஆகவே பண்பேற்றம், மாதிரியெடுத்தல், நைக்விஸ்ட் வீதம் ஆகிய கேள்விகள் முழுக்க ஃபூரியரின் நிலம். தொலைபேசியில் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான குரலை விநாடிக்கு 8,000 முறை மாதிரி எடுப்பது ஏன் போதும் என்பதற்கு நிறமாலைப் படம் வரைந்தால் போதும். துருவங்களுக்கு அங்கே வேலை இல்லை.

இருவரும் ஒரே காலத்து ஆட்கள் என்பது உனக்குத் தெரியுமா? 1807-இல் ஃபூரியர் வெப்பப் பரவல் பற்றிய ஆய்வை பாரிஸில் சமர்ப்பித்தபோது அதைப் பரிசீலித்தவர்களில் லாப்லாஸும் ஒருவர். தேர்வில் கேட்க மாட்டார்கள். பெயர்கள் மனத்தில் ஒட்டட்டும் என்று சொன்னேன்.

இன்றிரவு வேறு எதுவும் படிக்க வேண்டாம். மேலே சொன்ன மூன்றாவது கேள்வியை எடு. வெளியீட்டை மின்தேக்கியிலிருந்து மின்தடைக்கு மாற்றிவிட்டு, முதலில் லாப்லாஸில் முழுதாகச் செய். பிறகு H(jω) = jωRC/(1 + jωRC) வைத்து நிலைபெற்ற பகுதியை மட்டும் தனியாக எடுத்து ஒப்பிடு. லாப்லாஸ் விடை 7.07cos(1000t + 45°) + 5e^(−1000t) என்று வர வேண்டும். t = 0 போட்டால் 10 வோல்ட் வருகிறதா என்று பார். காலியான மின்தேக்கி அந்தக் கணத்தில் வெறும் கம்பிபோல இருப்பதால் முழு 10 வோல்ட்டும் மின்தடை மேல்தான் விழும். அப்படி வராவிட்டால், எங்கே தடம் மாறியது என்று பார்க்க உன் தாளைப் படம் எடுத்து அனுப்பு.