வட்டங்களை மட்டும் பார்த்து நரம்பைக் குறை சொல்லாதீர்கள்

கேள்வி: எனக்கு 36 வயது. வலது காது மந்தம். கேட்புச் சோதனைப் படமான ஆடியோகிராமில் சிவப்பு வட்டங்கள் 50 அருகே இருக்கின்றன. ‘[’ குறிகள் 10, 15 என்று மேலே இருந்து, 2000-இல் மட்டும் 25-க்கு இறங்குகின்றன. காது கேட்கும் கருவி விற்பவர் ‘நரம்பு போய்விட்டது’ என்கிறார். உண்மையா?

பதில்: நீங்கள் எழுதியுள்ள எண்களின்படி, பழுது பெரும்பாலும் நரம்பில் இல்லை, நடுச்செவியில் இருக்கிறது.

படத்தில் இடமிருந்து வலமாகச் செல்வது ஹெர்ட்ஸ் கணக்கில் ஒலியின் சுருதி. மேலிருந்து கீழாகச் செல்வது, உங்களுக்குக் கேட்பதற்கு எத்தனை டெசிபல் தேவைப்பட்டது என்பது. ஆகவே குறி எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு கேட்புக் குறைவு. வட்டங்கள் ஹெட்ஃபோன் வழியே சோதித்த வலது காதின் காற்றுவழிக் கேட்பு. ‘[’ குறிகள், காதுக்குப் பின்னுள்ள எலும்பில் அதிர்வுக் கருவியை வைத்து, இடது காதில் இரைச்சல் கொடுத்து அதை மறைத்துச் சோதித்தவை. அந்த அதிர்வு செவிப்பறையையும் சிற்றெலும்புகளையும் பெரும்பாலும் சுற்றிக்கொண்டு நேரே உட்செவிக்குப் போய்விடுகிறது.

நரம்புவழிக் குறைவில் இரண்டு கோடுகளும் ஒட்டியபடியே சேர்ந்து இறங்கும். ஒலி உட்செவிக்குப் போகும் வழியில் தடைபடும் கடத்தல் குறைவில் எலும்புவழிக் கோடு மேலேயே நிற்க, காற்றுவழிக் கோடு மட்டும் இறங்கும். இடைவெளி 10 டெசிபலைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். உங்களுக்கோ பல இடங்களில் 35 டெசிபலுக்கு மேல் இருக்கிறது.

2000-இல் உள்ள அந்தப் பள்ளத்தைக் காட்டித்தான் உங்களைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். இதற்குக் கார்ஹார்ட் பள்ளம் என்று பெயர். நடுச்செவிச் சிற்றெலும்புகளில் ஒன்றான அங்கவடி எலும்பு இறுகிப்போகும் ஓட்டோஸ்கிளிரோசிஸ் நோயில் இது அடிக்கடி தென்படும். எலும்புவழிக் கேட்பிலும் சிற்றெலும்புகளின் அசைவுக்குச் சிறு பங்கு உண்டு. 2000 ஹெர்ட்ஸ் அருகில் அந்தப் பங்கு அதிகம். அசைவு நின்றதும் அங்கே எலும்புவழிக் கேட்பு குறைந்தது போலத் தோன்றுகிறதே தவிர, நரம்பு பழுதாகிவிட்டதாக அர்த்தமில்லை. வெற்றிகரமான அறுவைக்குப் பின் அந்தப் பள்ளம் பெரும்பாலும் நிரம்பிவிடுவதே இதற்குச் சாட்சி. ஆனால் இந்நோய் சிலருக்கு உட்செவியையும் தாக்குவதுண்டு. அப்போது எலும்புவழிக் கோடு 2000-இல் மட்டுமல்லாமல் மற்ற சுருதிகளிலும் தாழும். உங்கள் படத்தில் அப்படி இல்லை.

உங்களுக்கு எலும்புவழிச் சோதனை நடந்திருப்பதே அதிர்ஷ்டம். பல இடங்களில் சில நிமிட வேலையை மிச்சப்படுத்த அதை விட்டுவிட்டு, சராசரி எண் ஒன்றைக் கிறுக்கிக் கையில் கொடுக்கிறார்கள். வட்டங்கள் மட்டும் உள்ள தாளை வைத்து நரம்பென்று சொல்பவர் ஊகிக்கிறார், அல்லது விற்கிறார்.

முன்பணம் எதுவும் கொடுக்காமல், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் இந்தத் தாளைக் காட்டி, செவிப்பறையின் அசைவை அளக்கும் டிம்பனோமெட்ரியும், பலத்த ஒலிக்கு அங்கவடித் தசை அனிச்சையாகச் சுருங்குகிறதா என்று பார்க்கும் ஸ்டேபீடியல் ரிஃப்ளெக்ஸ் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். அங்கவடி எலும்பு இறுகியிருந்தால் அந்த அனிச்சை பொதுவாகப் பதிவாகாது. உறுதியானபின் அறுவையா, கருவியா என்று நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். கருவியும் இந்நோய்க்குப் பயன்படும்.