பேருந்து வேலை, முந்திரி ஆலை, பத்தாண்டுக் கணக்கு

கேள்வி: கருங்கல் பக்கம் குடியிருக்கிறோம். வாட்ஸ்அப்பில் வந்த செய்தி இது: "பள்ளிப் பேருந்துக்கு ஓட்டுநர், உதவியாளர் (பெண்) தேவை. கனரக வாகன உரிமமும் 5 ஆண்டு அனுபவமும் அவசியம். காலை 6.45 முதல் 9.15 வரை, மாலை 3.30 முதல் 6.00 வரை. மாதச் சம்பளம் ஓட்டுநருக்கு 17,000, உதவியாளருக்கு 9,000." கணவர் டிப்பர் ஓட்டுகிறார்; ஓடும் நாளில் 1,000 ரூபாய், மாதம் ஏறக்குறைய 20 நாள். எனக்கு வயது 44. முந்திரி ஆலையில் 8 ஆண்டாக வேலை; 9,600 ரூபாயில் பிடித்தம் போக 8,376 கைக்கு வருகிறது. பள்ளி வீட்டிலிருந்து 12 கி.மீ. இருவரும் சேர்ந்தே போய்விடலாமா?

பதில்: உங்கள் கணவர் விஷயம் வேறு, உங்கள் விஷயம் வேறு. அவர் சில கேள்விகளைக் கேட்டுவிட்டுப் போகலாம். நீங்கள் இப்போதைக்கு ஆலையை விட வேண்டாம் என்பது என் கருத்து.

முதலில் கணவர். அந்தச் செய்தியில் "மாதச் சம்பளம்" என்று இருக்கிறதே தவிர, எத்தனை மாதத்துக்கு என்று இல்லை. கோடை விடுமுறையில் பேருந்து ஓடாது. அந்த நாட்களுக்கும் சம்பளம் தரும் பள்ளிகள் உண்டு. ஓடிய மாதங்களுக்கு மட்டும் தருபவையும் உண்டு. 12 மாதமும் தந்தால் ஆண்டுக்கு 2,04,000 ரூபாய். 10 மாதம்தான் என்றால் 1,70,000; அதை 12-ஆல் வகுத்தால் மாதம் 14,167-தான். டிப்பரில் ஆண்டுக்கு 2,40,000 என்று நீங்கள் நினைப்பீர்கள். நம் மாவட்டத்தில் ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசி, கார்த்திகையிலும் மழை. அந்த மாதங்களில் லோடு குறைவதையும் சேர்த்துத்தான் 20 நாள் சராசரியா என்று அவரிடம் கேளுங்கள். மழைக்காலத்தில் மொத்தம் 20 நாள் குறைந்தாலே 2,20,000-க்கு வந்துவிடும்.

அடுத்தது, இரவில் பேருந்து எங்கே நிற்கும்? முதல் குழந்தையை ஏற்றும் ஊரில் நின்றால் செலவில்லை. பள்ளி வளாகத்தில் நின்றால், விடியுமுன் 12 கி.மீ. பைக்கில் போக வேண்டும். பகலில் வீட்டுக்கு வந்து திரும்பினால் ஒரு நாளைக்கு 48 கி.மீ. ஒரு லிட்டர் பெட்ரோல் போய்விடும். 24 நாளுக்கு மாதம் சுமார் 2,400 ரூபாய். பகலில் வராமல் அங்கேயே இருந்தால் அதில் பாதி. ஆனால் காலை ஐந்தரைக்குக் கிளம்பியவர் மாலை ஏழுக்குத்தான் வீடு சேர்வார். 6.00 மணி என்பது கடைசிக் குழந்தை இறங்கும் நேரமாகத்தான் இருக்கும். அதன் பிறகு பேருந்தைக் கொண்டு வந்து விட்டு, சாவியை ஒப்படைக்க வேண்டும்.

ஐந்து மணி நேர வேலைதானே, இடையில் ஆக்டிங் டிரைவராகப் போய் நாலு காசு பார்க்கலாம் என்று அவர் சொல்லக்கூடும். அந்தப் பணத்தை நான் கணக்கில் சேர்க்க மாட்டேன். பகலில் பள்ளி வேறு ஓட்டங்களுக்குக் கூப்பிடலாம். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு மாலையில் ஓட்ட வேண்டியவருக்கு மதியம் ஓய்வு வேண்டும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

ஆக, பன்னிரண்டு மாதச் சம்பளம், பேருந்து வீட்டருகே நிற்கும் என்ற இரண்டும் உறுதியானால், டிப்பரோடு ஒப்பிட்டால் ஆண்டுக்கு 16,000 முதல் 36,000 வரைதான் குறையும். கல்குவாரிப் புழுதியும் இரவு லோடும் இல்லாத வேலைக்கு அந்த இழப்பு தாங்கக்கூடியதே. பத்து மாதச் சம்பளமும் பைக் செலவும் சேர்ந்தால் கைக்கு வருவது ஆண்டுக்கு 1,46,000. அதற்கு டிப்பரே மேல்.

17,000 என்ற தொகையில் இன்னொன்றும் இருக்கிறது. இதுவரை வருங்கால வைப்பு நிதியில் சேராத ஒருவர் மாதம் 15,000-க்கு மேல் சம்பளத்தில் புதிதாகச் சேர்ந்தால், அவரை நிதியில் சேர்த்தே ஆக வேண்டும் என்று நிர்வாகத்துக்குக் கட்டாயமில்லை. ஆனால் இஎஸ்ஐ எனும் மருத்துவக் காப்பீட்டுக்குச் சம்பள வரம்பு 21,000. பள்ளி அதன் கீழ் வந்தால் அவருக்கும் கிடைக்க வேண்டும். இரண்டையும் கேளுங்கள்.

இனி உங்கள் கணக்கு. 8,376-க்குப் பதில் 9,000 என்றதும் 624 ரூபாய் லாபம்போல் தெரிகிறது. ஆலையில் உங்களிடம் 12 சதவீதம், அதாவது 1,152 ரூபாய், வைப்பு நிதிக்குப் பிடிக்கிறார்கள். இஎஸ்ஐக்கு 72 ரூபாய். அந்த 1,152 உங்கள் பணம்தான், கணக்கில் சேர்கிறது. நிர்வாகமும் தன் பங்காக இன்னொரு 1,152 கட்டுகிறது. அதில் 800 ரூபாய் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. இஎஸ்ஐக்கு நிர்வாகம் கட்டுவதை விட்டுவிட்டாலும், உங்கள் ஆலை வேலை மாதம் 10,752 ரூபாய் மதிப்புள்ளது. பள்ளியில் பிடித்தம் எதுவும் இல்லையென்றால் அங்கே 9,000, பத்து மாதச் சம்பளமானால் 7,500.

இதைவிட முக்கியமானது அந்த எட்டாண்டு. ஓய்வூதியம் மாதாமாதம் வர குறைந்தது 10 ஆண்டு பணி வேண்டும். நீங்கள் இப்போது விலகி, அலுவலகத்தில் யாரோ நீட்டும் 10-சி படிவத்தில் கையெழுத்திட்டுப் பணத்தை எடுத்தால், ஒரு தொகை கைக்கு வரும். எட்டாண்டுக் கணக்கு அதோடு முடிந்தது. இன்னும் இரண்டாண்டு இருந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியத்துக்கு உரிமை வந்துவிடும். சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்கும் கணக்கு அது: 9,600-ஐ 10-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் 1,371 ரூபாய். 58 வயது வரை இருந்தால் 22 ஆண்டு ஆகும், குறைந்தது 3,017 ரூபாய். பெரிய தொகை என்று சொல்லவில்லை. ஆனால் மகனிடமோ மருமகளிடமோ கேட்காமல் வரும் பணம்.

பள்ளியிலும் வைப்பு நிதி உண்டு என்றால் கதை மாறும். உங்கள் வைப்பு நிதிக் கணக்குக்கான யுஏஎன் எண்ணைக் கொடுத்துக் கணக்கை மாற்றினால் எட்டாண்டு தொடரும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பள்ளிக்கு இது பொருந்தும். ஆனால் உங்களை வேலைக்கு எடுப்பது பள்ளியா, வண்டி ஒப்பந்தக்காரரா என்று பாருங்கள். ஒப்பந்தக்காரர் என்றால் பெரும்பாலும் இதுபற்றிப் பேச்சே வராது. எப்படியும் விலக நேர்ந்தால் பணத்தை எடுக்காமல், அதே 10-சி படிவத்தில் திட்டச் சான்றிதழ் கேளுங்கள். பணி ஆண்டுகள் அதில் பத்திரமாக இருக்கும்.

இருவரும் ஒரே இடத்தில் சேர்வதில் எனக்கு இன்னொரு தயக்கமும் உண்டு. அந்த வழித்தடத்தைப் பள்ளி நிறுத்தினால், ஒரே நாளில் வீட்டின் இரண்டு வருமானமும் போகும்.

கணவர் நேர்காணலுக்குப் போகுமுன் தன் ஓட்டுநர் உரிமத்தை எடுத்துப் பார்க்கட்டும். அதில் இரண்டு தேதிகள் இருக்கும். Validity (TR) என்பதுதான் வாடகை, சரக்கு, பயணிகள் வாகனங்களுக்கானது. டிப்பர் முதலாளிகள் பலர் அதைப் பார்ப்பதே இல்லை. புதுப்பித்தால் 5 ஆண்டு செல்லும். தேதி முடிந்து ஓராண்டு தாண்டிவிட்டால் மீண்டும் ஓட்டிக் காட்டித் தேர்ச்சி பெற வேண்டும். sarathi.parivahan.gov.in தளத்தில் உரிம எண்ணையும் பிறந்த தேதியையும் போட்டாலும் அது தெரியும். காலாவதியான உரிமத்தோடு விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு வண்டி உரிமையாளரிடம் வசூலிக்கப் பார்க்கும். அதனால் பள்ளி அந்தத் தேதியைத்தான் முதலில் கேட்கும்.