ஆச்சி எதற்குச் சம்மதித்தார்?

கேள்வி: பழைய செட்டிநாட்டு வீடுகளை வீடியோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுகிறவன் நான். போன மாதம் பக்கத்து ஊரில் ஒரு வீட்டுக்குப் போனேன். எண்பது வயது ஆச்சி அவ்வளவு பெரிய வீட்டில் ஒண்டியாக இருக்கிறார், தனக்கு மட்டும் உலை வைத்துச் சாப்பிடுகிறார். மூன்று பிள்ளைகளும் வெளியூரில். ‘பெற்ற தாயைக் கைவிட்ட பிள்ளைகள்’ என்று தலைப்புக் கொடுத்துப் போட்டேன். நாலு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். மூத்த மகனின் பெயரையும் வேலை பார்க்கும் இடத்தையும் யாரோ கமெண்டில் போட்டுவிட்டார்கள். இப்போது அவர் போன் செய்து வீடியோவை நீக்கச் சொல்கிறார். ஆச்சியிடம் கேட்டுத்தான் எடுத்தேன். நான் சொன்னதில் பொய்யும் இல்லை. பிறகு ஏன் நீக்க வேண்டும்?

— ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: நீக்கிவிடுங்கள், இன்றைக்கே. காரணத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிடலாம். ஆனால் காரணம் புரியாமல் நீக்கினால் அடுத்த ஊரில் இதையே செய்வீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய வீடியோவை இரண்டு முறை பார்த்தேன். முகப்புத் தூண்கள், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, உள்முற்றமான வளவைச் சுற்றி வரிசையாகப் பூட்டிய அறைகள், கடைசியில் அடுப்படியில் ஆச்சி. “எடுத்துக்கிடுங்க தம்பி” என்று அவர் சொல்வது தெளிவாகக் கேட்கிறது. அதைத்தான் சம்மதம் என்கிறீர்கள். வீடு பார்க்க வருகிறவர்கள் வாசலில் படம் எடுப்பதை அவர் பல காலமாகப் பார்த்திருப்பார். அந்தப் பழக்கத்தில், வீட்டைப் படம் எடுக்க அனுமதி கொடுத்தார். தன் பிள்ளைகளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவா கொடுத்தார்? நீங்கள் அந்தத் தலைப்பை வளவில் நின்று அவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டியிருந்தால், கையில் கொடுத்த காப்பியைக் குடித்து முடிக்க விட்டிருப்பாரா? இந்த ஒரு கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். படத்துக்குச் சம்மதம் வேறு, படத்தோடு சேர்த்துச் சொல்லும் கதைக்குச் சம்மதம் வேறு. அவரே இரண்டுக்கும் சரி என்றிருந்தாலும், மகனின் பெயரைக் கொடுக்க அவருக்கும் உரிமை கிடையாது. அது மகனுடையது.

அடுத்து, பொய் இல்லை என்கிறீர்கள். ஆச்சி தனக்கு மட்டும் உலை வைக்கிறார், சரி. அதைப் பார்த்ததும் கைவிடப்பட்டவர் என்று முடிவு கட்டினீர்களே, அங்கேதான் எனக்கு மனசு ஆறவில்லை. நகரத்தார் வீட்டு வழக்கத்தில் ‘வேறு வைப்பது’ என்று ஒன்று உண்டு. கல்யாணமாகிச் சில காலம் கழித்து மகனையும் மருமகளையும் தனிச் சமையலுக்கு வைத்துவிடுவார்கள். அதே வீடு, அதே வளவு. ஆனால் அரிசி பருப்பு தனி, அடுப்பு தனி, கணக்குத் தனி. ஒரே கூரைக்குக் கீழே அண்ணன் தம்பிகள் நாலு அடுப்பு எரித்தார்கள், பெற்றவர்கள் தங்களுக்கென்று ஓர் அடுப்பு வைத்துக்கொண்டார்கள். யாரும் அதைச் சண்டை என்று நினைக்கவில்லை, சண்டை வராமல் இருக்கவே அப்படி வைத்தார்கள். அந்த வீட்டில் வாழ்ந்த ஒருவர் தனக்கு மட்டும் ஒரு தம்ளர் அரிசி போடுவது பழக்கமாகவும் இருக்கலாம், கௌரவமாகவும் இருக்கலாம். பூட்டிய அறைகளும் அப்படித்தான். அவை பங்காளிகளின் அறைகள். ஒவ்வொருவரும் தன் பங்கைப் பூட்டிவிட்டுத்தான் வெளியூர் போவார். நீங்கள் காட்டிய பூட்டுகளில் எத்தனை அவர் பிள்ளைகளுடையவை என்று விசாரித்தீர்களா?

மாதாமாதம் பணம் வருகிறதா, யார் அனுப்புகிறார்கள், கூட வந்து இருக்கச் சொல்லி ஆச்சியே மறுத்தாரா, முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கு வீடு திறந்திருக்க வேண்டும் என்று அவர்தான் காவல் இருக்கிறாரா — இதில் ஒன்றைக்கூட நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை உங்கள் சந்தேகமே சரி என்றும் ஆகியிருக்கலாம். ஆனால் கேட்காமல் போட்ட தலைப்புக்கு உண்மை என்று பெயர் கிடையாது. இன்னொன்று, வீடியோ முழுக்க ஆச்சி சிரித்த முகமாகப் பேசுகிறார். அனுமதி கொடுத்த அந்த ஒரு வரி தவிர மற்றப் பேச்சை அடக்கிவிட்டு மேலே வயலினை ஓட விட்டிருக்கிறீர்கள்.

இதை மேலே நின்று சொல்லவில்லை. பல வருடங்களுக்கு முன் முதுமைத் தனிமை பற்றிய கட்டுரைக்கு, ஒரு கோவில் மண்டபத்தில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அம்மாவின் படத்தை அச்சிட்டோம். அவர் பேரனுக்கு மொட்டை போட வந்து, பூசைக்காகக் காத்திருந்தவர். அவருடைய மகள் அந்த இதழைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை, “எங்கம்மாவ யாரும் விட்டுட்டுப் போகலீங்க” என்று மட்டும் சொன்னார். அடுத்த இதழில் வருத்தம் தெரிவித்தோம். ஆனால் முந்தைய இதழ் அதற்குள் சலூன்களுக்கும் நூலகங்களுக்கும் போய்விட்டிருந்தது. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி இன்னும் என் அறையில்தான் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 1994-ல் உச்ச நீதிமன்றம் ஆர். ராஜகோபால் வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய சுயசரிதையை வெளியிடலாமா என்று ஒரு தமிழ்ப் பத்திரிகை தொடுத்த வழக்கு அது. ஒருவருடைய குடும்பம், திருமணம், தாய்மை போன்ற சொந்த விஷயங்களை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது, அது உண்மையா பொய்யா, புகழ்ச்சியா இகழ்ச்சியா என்பது பொருட்டில்லை என்றது நீதிமன்றம். நீதிமன்ற ஆவணம் போன்ற பொதுப் பதிவில் உள்ளதற்கும், அரசு ஊழியர் தம் பணியில் செய்வதற்கும் விலக்கு உண்டு. அந்த வழக்கில் பொதுப் பதிவில் உள்ள அளவுக்கு வெளியிடலாம் என்று பத்திரிகைக்குத்தான் சாதகமாக முடிந்தது. ஆச்சியின் அடுப்படி எந்தப் பொதுப் பதிவிலும் இல்லை.

அவதூறுக்கும் இதே கதைதான். இன்றைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் உண்மை என்பது மட்டும் காப்பாற்றாது. அதை வெளியிட்டது பொது நன்மைக்காக என்றும் காட்ட வேண்டும். தண்டனை இரண்டு வருடம் வரை போகலாம். மகன் வழக்குப் போடுவாரா மாட்டாரா என்பது வேறு விஷயம், நீங்கள் சாய்ந்திருக்கும் சுவர் அவ்வளவு உறுதியானது இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

பொது நன்மை என்று நீங்கள் வாதாடலாம். அப்படியானால் ஒரு வழி இருந்ததே. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-லிருந்து இருக்கிறது. பிள்ளைகள் பார்க்கவில்லை என்றால் ஆச்சியே கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். காரைக்குடிப் பக்கத்துக்குத் தேவகோட்டைக் கோட்டாட்சியர். அவரால் முடியாவிட்டால் அவர் அனுமதித்த இன்னொருவர் கொடுக்கலாம். விசாரித்து, மாதாமாதம் பராமரிப்புத் தொகை கொடுக்கச் சொல்லி உத்தரவிட முடியும். போனில் கேட்க 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது. இந்த வழியில் மகனையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள், ஆச்சியின் முகமும் யாருக்கும் தெரியாது. உங்கள் வீடியோவில் மகனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஆனால் அவர் வேலை பார்க்கும் இடம் வரை தண்டனை போய்விட்டது. பெயரைப் போட்டது யாரோ என்கிறீர்கள். அந்தக் கமெண்ட் உங்கள் பக்கத்தில்தானே இருந்தது? எத்தனை நாள் விட்டு வைத்தீர்கள்?

நான் மிகவும் பயப்படுவது இதைவிட இன்னொன்றுக்கு. எண்பது வயதுப் பெண் ஒருவர் தனியாக இருக்கிறார் என்று ஊர் பெயரோடு நாலு லட்சம் பேருக்குச் சொல்லியிருக்கிறீர்கள். பின்கட்டுக் கதவில் மரத் தாழ்ப்பாள் மட்டும்தான் என்பதும், பித்தளைச் சாமானும் எனாமல் பாத்திரமும் எந்த அறையில் அடுக்கியிருக்கின்றன என்பதும் அதில் தெரிகிறது. பழைய சாமானுக்கு விலை தெரிந்தவர்கள் இந்தப் பக்கத்தில் நிறைய உண்டு. அந்தத் தெருவில் ஊரார் யாரிடமாவது இரவில் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். இதை வீடியோவை நீக்கிய பிறகும் செய்ய வேண்டும்.

சரி, நீக்கும் முறை. முதலில் மகனைத் திட்டியும் மிரட்டியும் வந்த கமெண்டுகளைத் தேதியும் கணக்குப் பெயரும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வீடியோவின் இணைப்போடு அவருக்கு அனுப்புங்கள். புகார் கொடுக்க நினைத்தால் அவருக்கு வேண்டியிருக்கும், நீங்கள் அழித்தபின் கிடைக்காது. அப்புறம் வீடியோவை Archive செய்யாதீர்கள், அது ஒளித்து வைப்பது மட்டும்தான். Delete கொடுங்கள். கொடுத்தாலும் Recently deleted பகுதியில் முப்பது நாள் கிடக்கும், அங்கேயும் போய் அழியுங்கள். உங்கள் இணைப்பைப் பகிர்ந்தவர்களிடம் இனி அது திறக்காது. ஆனால் இறக்கி வைத்து வாட்ஸப்பில் அனுப்பியதும், வேறு பக்கங்கள் தங்கள் பெயரில் மறுபடி ஏற்றியதும் அப்படியே இருக்கும். அந்தப் பக்கங்களைத் தேடி, எடுத்தவன் நான், அகற்றுங்கள் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். கேட்காதவர்கள் மீது பதிப்புரிமைப் புகார் கொடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு, ஏனென்றால் படம் பிடித்தவர் நீங்கள். இந்த வேலையில் ஆச்சியும் மகனும் செய்ய முடியாததை நீங்கள் செய்ய முடிவது இங்கேதான். வாட்ஸப்பில் போனதைத் திரும்ப வாங்க முடியாது, அதை மகனிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

வருத்தம் தெரிவித்து இன்னொரு வீடியோ போட வேண்டாம். அதில் ஆச்சியின் பெயர் வந்தாலும் மகனின் பெயர் வந்தாலும் பார்க்காதவர்களும் தேடிப் பார்ப்பார்கள். ‘விசாரிக்காமல் தலைப்பு வைத்தேன், தவறு, எடுத்துவிட்டேன்’ என்று படம் இல்லாமல் எழுத்தில் இரண்டு வரி போதும்.

ஆச்சியை நேரில் போய்ப் பாருங்கள். அவருக்கு இது தெரிந்திருக்குமோ இல்லையோ, தெரிந்திருந்தால் யார் எப்படிச் சொன்னார்களோ. மகனுக்கும் நீங்களே போன் செய்யுங்கள். எடுத்துவிட்டேன் என்பதையும், எங்கெல்லாம் இன்னும் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். நல்ல எண்ணத்தில்தான் போட்டேன் என்று ஆரம்பிக்காதீர்கள். அவர் கோபமாகப் பேசினால் குறுக்கிடாமல் முழுவதும் கேட்டுக்கொள்ளுங்கள்.