டிம்மரில் விளக்கு எந்த நொடியில் எரியத் தொடங்குகிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கிண்டி, ஐ.டி.ஐ. மாணவர்: சார், டிம்மரில் 220 கிலோ ஓம் மின்தடையும் 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரும் போட்டால், இரண்டின் பெருக்கலான ஆர்.சி. 22 மில்லி செகண்ட் வருகிறது. அரை சைக்கிளே 10 மில்லி செகண்ட்தான். பிறகு எப்படி விளக்கு எரிகிறது?

கணக்கு சரிதான் தம்பி, ஆனால் அந்த 22 மில்லி செகண்ட் என்பது கெப்பாசிட்டர், கொடுத்த மின்னழுத்தத்தில் 63 சதவீதத்தை எட்டுவதற்கான நேரம். நமக்கு அவ்வளவு தேவையில்லை. 230 வோல்ட் லைனின் உச்சம் 325 வோல்ட், குறிப்பிட்ட மின்னழுத்தம் வரும்வரை மூடியே இருக்கும் டி.பி.3 டயாக் திறப்பதற்குச் சுமார் 32 வோல்ட், அதாவது அந்த உச்சத்தில் பத்தில் ஒரு பங்கு போதும்.

ஆர்.சி. அரை சைக்கிளைவிட நீளமாக இருக்கும்போது, மின்னழுத்த வளைவுக்குக் கீழே உள்ள பரப்பை வைத்துக் கணக்கிடுவது எளிது. 325 வோல்ட் உச்சமுள்ள ஓர் அரை சைக்கிளின் பரப்பு சுமார் 2.07 வோல்ட்-செகண்ட். அதை 0.022ஆல் வகுத்தால் 94 வோல்ட் வருகிறது. கெப்பாசிட்டரை யாரும் தடுக்காவிட்டால் ஓர் அரை சைக்கிளில் அது ஏறக்கூடிய உயரம் ஏறத்தாழ அவ்வளவு. அதில் 32 வோல்ட் என்பது மூன்றில் ஒரு பங்கு. கெப்பாசிட்டர் சுழியத்திலிருந்து தொடங்குவதாகக் கொண்டு துல்லியமாகக் கணக்கிட்டால், 4.1 மில்லி செகண்டில், அதாவது 74 டிகிரியில் டயாக் திறந்து, கெப்பாசிட்டரில் உள்ள மின்னூட்டம், விளக்குக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ட்ரையாக்கின் தூண்டு முனையான கேட்டில் பாய்ந்து, ட்ரையாக் ஆன் ஆகிவிடும். அதன் பிறகு அரை சைக்கிள் முடியும் வரை அது ஆனிலேயே இருக்கும் என்பதால், குண்டு பல்புக்கு முழுத் திறனில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கிறது.

'சுழியத்திலிருந்து தொடங்குவதாக' என்று சொன்னேன் அல்லவா, உண்மையான சிக்கல் அங்கேதான் இருக்கிறது. அடுத்த கேள்வி அதைத்தான் தொடுகிறது.

வியாசர்பாடி, எலக்ட்ரீஷியன்: குமிழை மெல்லத் திருப்பினால் நெடுந்தூரம் ஒன்றுமே இல்லை, பிறகு பட்டென்று பாதி வெளிச்சத்தில் எரிகிறது. எரிந்தபின் பின்னால் திருப்பினால் நன்றாக மங்குகிறது. குமிழோடு மாறும் மின்தடையான பாட் உள்ளே கார்பன் தேய்ந்துவிட்டது, மாற்றினால் சரியாகும் என்று கஸ்டமரிடம் சொல்லியிருக்கிறேன். சரிதானே?

கார்பன் தேய்ந்த பாட் தொல்லை தரும் என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தொல்லை, குமிழை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே இடத்தில், பெரும்பாலும் துடிப்பாகத் தெரியும். போகும்போது ஓரிடத்திலும் வரும்போது வேறோரிடத்திலும் மாறுகிறது என்றால் பாட் மேல் பழி போடாதீர்கள். புதிய பாட் போட்டாலும் இதேதான் நடக்கும்.

விளக்கு அணைந்திருக்கும்போது டயாக் திறப்பதே இல்லை, ஆகவே கெப்பாசிட்டர் காலியாவதும் இல்லை. முந்தைய அரை சைக்கிளில் ஏறிய மைனஸ் மின்னழுத்தத்தைச் சுமந்துகொண்டே அது அடுத்த அரை சைக்கிளைத் தொடங்குகிறது. பிளஸ் 32ஐ எட்ட வேண்டுமானால், ஏறத்தாழ மைனஸ் 32இலிருந்து புறப்பட்டு 64 வோல்ட் தூரம் ஏறியாக வேண்டும். 2.07ஐ 64ஆல் வகுத்தால் 0.032 செகண்ட், 0.1 மைக்ரோ ஃபாரடுக்கு அது சுமார் 322 கிலோ ஓம். பாட் அதற்கு மேலே இருக்கும்வரை, நீங்கள் எவ்வளவு பொறுமையாகத் திருப்பினாலும் விளக்கு எரியாது.

அந்த 322ஐத் தொட்டதும், அரை சைக்கிளின் கடைசியில் முதல்முறையாக டயாக் திறக்கிறது. திறந்ததும் கெப்பாசிட்டர் பெருமளவு காலியாகிவிடுவதால், அடுத்த அரை சைக்கிளில் ஏற வேண்டிய தூரம் 64 அல்ல, 32தான். முழுதும் காலியானதாக வைத்துக்கொண்டால் அது 93 டிகிரியிலேயே திறந்துவிடும், விளக்கு ஏறத்தாழப் பாதித் திறனுக்குத் தாவும். குமிழ் நகரவே இல்லை, கோணம் மட்டும் ஒரே அடியில் பாதியாகிவிட்டது. எரியத் தொடங்கிய பின் 470 கிலோ ஓம் வரை பின்னால் போனாலும், அதே கணக்கில் 122 டிகிரிக்கு அருகே அது தொடர்ந்து எரியும். நடைமுறையில் டயாக் கெப்பாசிட்டரை முழுதும் காலி செய்யாமல் சில வோல்ட்டை மிச்சம் வைப்பதால், தாவல் இதைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும்.

மயிலாப்பூர், இல்லத்தரசி: எங்கள் படுக்கையறை விளக்கைக் குறைத்து வைத்துத் தூங்குவோம். நடுராத்திரி கரண்ட் போய் வந்தால் சில நாள் எரிகிறது, சில நாள் எரிவதில்லை. குமிழைக் கூட்டிவிட்டுக் குறைக்க வேண்டியிருக்கிறது. டிம்மர் கெட்டுவிட்டதா?

கெடவில்லை அம்மா. நீங்கள் வைத்திருக்கும் நிலை, எரிந்துகொண்டிருந்தால் தொடர்ந்து எரியும், அணைந்தால் தானாக எரியாது என்ற இடைப்பகுதியில் இருக்கிறது. கரண்ட் திரும்பும் கணம், அலை சுழியத்துக்கு அருகே இருந்தால் கெப்பாசிட்டர் காலியாகத் தொடங்கி முதல் முயற்சியிலேயே 32ஐ எட்டிவிடும். அலையின் உச்சத்தில் வந்தால் எட்டாது, அதன் பிறகும் எட்டாது. எந்தக் கணத்தில் வரும் என்பது யார் கையிலும் இல்லை. லைன் மின்னழுத்தம் 200க்கு இறங்கும் மாலைகளில் உச்சமும் 283 ஆகக் குறைவதால், அந்த 322 கிலோ ஓம் எல்லை 280க்கு வந்துவிடுகிறது. அப்போது இந்தத் தொல்லை கூடத்தான் செய்யும்.

ரிச்சி தெருவில் பாகங்கள் வாங்கிச் சொந்தமாகச் செய்பவர்: தாவல் இல்லாமல் செய்ய என்ன சேர்க்க வேண்டும்? கெப்பாசிட்டர் 100 வோல்ட் போதுமா?

இரண்டாவது ஆர்.சி. ஒன்று சேருங்கள். பாட் முதலில் 0.1 மைக்ரோ ஃபாரடை ஏற்றட்டும். அங்கிருந்து 15 கிலோ ஓம் வழியாக 0.047 மைக்ரோ ஃபாரடுக்குப் போகட்டும். டயாக்கை அந்தச் சிறிய கெப்பாசிட்டரில் இணையுங்கள். டயாக் திறக்கும்போது சிறியது மட்டும் காலியாகிறது, பெரியது ஒரு மில்லி செகண்டுக்குள் அதைப் பெருமளவு நிரப்பிவிடுகிறது. எரிந்த அரை சைக்கிளுக்கும் எரியாத அரை சைக்கிளுக்கும் தொடக்க மின்னழுத்தத்தில் உள்ள வேறுபாடு சுருங்கிவிடுவதால் தாவலும் சுருங்குகிறது, முற்றிலும் போகாது. சிறியதை இன்னும் சிறிதாக்கினால் தாவல் மேலும் குறையும், ஆனால் கேட்டுக்குக் கிடைக்கும் மின்னூட்டமும் குறைந்து, சில ட்ரையாக்குகள் சில சைக்கிள்களைத் தவறவிடும். இரண்டு கெப்பாசிட்டரையும் சேர்த்து ஏற்ற வேண்டியிருப்பதால் 470 கிலோ ஓம் பாட்டில் பாதிக்கு மேல் வீணாகும், 220 வாங்குங்கள்.

வோல்ட்டேஜ் பற்றி: டயாக் வேலை செய்யும்வரை அதனோடு இணைந்த கெப்பாசிட்டர் சுமார் 32ஐத் தாண்டாது. டயாக்கின் கால் ஒன்று சால்டரில் விட்டுப்போய், பாட் குறைந்த முனையில் இருந்தால், கிட்டத்தட்ட முழு 325 வோல்ட்டும் அதன் மேல் விழும். 400 வோல்ட் பாலியெஸ்டரையே போடுங்கள்.

அம்பத்தூர், வாசகர்: என் ஃபேன் ரெகுலேட்டரில் ரீங்காரம் வருகிறது. இதே காரணமா?

இல்லை. அது வெட்டப்பட்ட அலை மோட்டாரில் உண்டாக்கும் ஓசை. தூண்டும் கோணம் மிகச் சரியாக அமைந்தாலும் அது வரும்.

கிண்டி மாணவர், மீண்டும்: சார், குண்டு பல்புக்குப் பதில் எல்.இ.டி. போட்டேன். இரண்டாவது ஆர்.சி. சேர்த்தும் துடிக்கிறது. கணக்கில் எங்கே தவறு?

இந்தக் கணக்கு முழுவதும் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: டைமிங் ஆர்.சி.க்கு வரும் மின்னோட்டம் விளக்கின் வழியாகத்தான் வருகிறது, குண்டு பல்பின் இழை அதற்குத் தடையே இல்லை. எல்.இ.டி. பல்பினுள் ரெக்டிஃபையரும் அதன் பின்னால் ஒரு கெப்பாசிட்டரும் இருப்பதால், லைன் மின்னழுத்தம் அந்தக் கெப்பாசிட்டரில் உள்ளதைத் தாண்டும்வரை அந்த வழி ஏறத்தாழ அடைபட்டிருக்கும். அதனால் உன் கெப்பாசிட்டர் சுழியத்திலிருந்து அல்ல, ஒவ்வொரு முறையும் சற்றே வேறான கணத்திலிருந்து ஏறத் தொடங்குகிறது. ட்ரையாக் ஆனாலும், மின்னோட்டம் அதைத் தாங்கிப் பிடிக்கும் அளவுக்குக் கீழே இறங்கினால் நடுவிலேயே அணைந்து, டைமிங் மறுபடி தொடங்கும்.

இரண்டில் எது உன் துடிப்புக்குக் காரணம் என்று இங்கிருந்து சொல்ல இயலாது. எல்.இ.டி.க்கு இணையாக ஒரு 25 வாட் குண்டு பல்பைப் போட்டுப் பார். துடிப்பு நின்றால் கோளாறு இந்த இரண்டில்தான், நிற்காவிட்டால் எல்.இ.டி.யின் உள்ளிருக்கும் டிரைவர் வெட்டப்பட்ட அலைக்கு ஏற்றதல்ல. என்ன நடந்தது என்பதைப் பல்பின் வாட்டோடு எழுது, அடுத்து எங்கே தேடுவது என்று பார்ப்போம்.