பழுதான அறையும் ஓர் அறைதான்

கேள்வி: ஜார்ஜ் டவுனில் 40 அறைகள் உள்ள ஒரு ஹோட்டலின் மேலாளர் நான். முந்தின வாரம் ஏழு இரவுகளிலும் சேர்த்து 168 அறைகள் விற்று 31,920 ரிங்கிட் வந்தது. சென்ற வாரம் 189 அறைகள், 30,240 ரிங்கிட். குளிர்சாதனம் ஒழுகியதால் 4 அறைகளை வாரம் முழுவதும் மூடி வைத்தோம். சனிக்கிழமை மற்ற அறைகள் எல்லாம் நிரம்பிவிட்டன, வந்தவர்களைத் திருப்பி அனுப்பினோம். மூடிய அறைகளைக் கழித்து, நிரம்பியது 75 சதவீதம், ரெவ்பார், அதாவது விற்றதும் விற்காததுமாக ஓர் அறைக்கு ஓர் இரவில் வரும் சராசரி வருவாய், 114-இலிருந்து 120-க்கு உயர்ந்தது என்று அறிக்கை கொடுத்தேன். "அறிக்கை ஏறுகிறது, பணம் இறங்குகிறதே?" என்கிறார் முதலாளி.

பதில்: முதலாளி கேட்டது நியாயம். அறைகளைக் கழித்த இடத்தில்தான் கணக்கு கோணியது. அவர் கடனுக்கு வட்டி கட்டுவது 40 அறைகளுக்கும்தானே? ஹோட்டல் துறையின் பொது முறையிலும், சில நாள் பழுதாகிக் கிடக்கும் அறையைக் கழிப்பதில்லை. பல மாதங்கள் மூடிய அறைக்குத்தான் அந்தச் சலுகை.

40 அறைகள், 7 இரவுகள்: 280. இதை மாற்றாமல் வகுத்துப் பாருங்கள். நிரம்பியது 67.5 சதவீதம். ஓர் அறையின் சராசரி வாடகை 160 ரிங்கிட். மொத்த வருவாயை 280-ஆல் வகுத்தால் ரெவ்பார் 108. முந்தின வாரம் நிரம்பியது 60 சதவீதம்தான், ஆனால் வாடகை 190, ரெவ்பார் 114. ஆக, 21 அறைகள் கூடுதலாக விற்றும் 1,680 ரிங்கிட் குறைந்திருக்கிறது. அந்த 21 அறைகளுக்கும் படுக்கை விரிப்பு துவைத்த செலவும் துப்புரவுக் கூலியும் தனி. வாடகை ஏன் 30 ரிங்கிட் இறங்கியது என்பதை அறிக்கையிலேயே சொல்லுங்கள். முன்பதிவுத் தளத்தில் விட்ட தள்ளுபடியா, குழுவுக்குக் கொடுத்த விலையா என்று.

வருவாயில் வரி கலந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வெளிநாட்டுப் பயணியிடம் அறைக்கு ஓர் இரவுக்கு வாங்கும் 10 ரிங்கிட் சுற்றுலா வரியும் சேவை வரியும் அரசாங்கத்தின் பணம்.

பழுதால் வந்த நட்டத்தையும் சரியாகச் சொல்ல வேண்டும். 28 இரவுகளையும் 160-ஆல் பெருக்கி 4,480 ரிங்கிட் நட்டம் என்று எழுதிவிடாதீர்கள். மற்ற நாட்களில் வேறு அறைகள் காலியாக இருந்திருந்தால், அந்த நான்கும் திறந்திருந்தாலும் விற்றிருக்காது. விருந்தினரைத் திருப்பி அனுப்பிய சனிக்கிழமைதான் உண்மையான இழப்பு: 4 அறைகள், சராசரி வாடகையில் 640 ரிங்கிட். சனிக்கிழமை வாடகை அதைவிட அதிகமென்றால் அந்த விலையையே போடுங்கள். பழுது பார்ப்பவரை வெள்ளிக்குள் வரவழைக்கக் கூடுதல் கூலி கேட்டால், முதலாளி முடிவெடுக்க உதவும் எண் இதுதான்.

சென்ற ஆண்டோடு ஒப்பிடும்போது தேதியைப் பார்க்காதீர்கள். தைப்பூச வாரத்தைத் தைப்பூச வாரத்தோடு வையுங்கள்.

திருத்திய அறிக்கையை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். நிரம்பிய சதவீதம், சராசரி வாடகை, ரெவ்பார் என்ற மூன்று எண்களுக்கும் கீழே ஒரு வரி போதும்: "மூடிய அறைகள் 4, இரவுகள் 28, சனியன்று இழந்தது சுமார் 640 ரிங்கிட்."