107 ரூபாய் தேயிலையும் ஒரு பைசாவும்: கேள்வி பதில்

குன்னூர், கோத்தகிரி கடைகளுக்குப் பல வருடங்களாக பில்லிங் மென்பொருள் எழுதித் தருகிறேன். வந்த கேள்விகளில் என்னால் சொல்ல முடிந்தவற்றுக்குப் பதில்.

"அக்கா, 107 ரூபாய் தேயிலை பாக்கெட், ஜிஎஸ்டி 5%. பைத்தானில் சிஜிஎஸ்டி 2.67 வருகிறது. ஆடிட்டர் 2.68 என்கிறார். யார் சரி?" (கோத்தகிரி)

ஆடிட்டர்தான் சரி, தம்பி. 5%-இல் பாதியான 2.5% தான் சிஜிஎஸ்டி, 107-க்கு அது 2.675. அரை பைசா வந்தால் மேலே ஏற்றுவதுதான் நம் கடைக் கணக்கு. ஆனால் உங்கள் நிரலுக்குள் 2.675 என்ற எண்ணே இல்லை. ஃப்ளோட் எல்லாவற்றையும் இரண்டின் அடுக்குகளின் கூட்டலாகத்தான் வைத்துக்கொள்ளும். 2.675 அதில் முழுசாக அடங்காது, பக்கத்தில் இருக்கும் 2.67499999999999982… தான் கிடைக்கும். அதை ரவுண்ட் செய்தால் 2.67 வருவதில் பைத்தானின் தப்பு எதுவும் இல்லை.

இதை ஓட்டிப் பாருங்கள்:

```python
round(107 * 2.5 / 100, 2)   # 2.67
round(107 * 0.025, 2)       # 2.68
```

ஒரே கணக்கு, எழுதிய விதம் மட்டும் வேறு. என்னைப் பயமுறுத்துவது இதுதான். இரண்டாவது வரியை எழுதியவர் சோதித்துப் பார்த்துவிட்டு "சரியாக வருகிறது" என்று கடையில் நிறுவிவிடுவார். வேறொரு விலையில் அதுவே காலை வாரும். டெசிமலில் இப்படி எழுதுங்கள்:

```python
from decimal import Decimal, ROUND_HALF_UP

vari = Decimal("107") * Decimal("2.5") / 100
vari.quantize(Decimal("0.01"), rounding=ROUND_HALF_UP)  # 2.68
```

`ROUND_HALF_UP` என்பதை விட்டுவிடாதீர்கள். விட்டால் பைத்தானின் டெசிமல் அரையை இரட்டைப்படை இலக்கத்தின் பக்கம் தள்ளும். 107-க்கு அப்போதும் 2.68 வரும், அதனால் கண்ணில் படாது. 105 ரூபாய் பாக்கெட்டுக்கு வரி 2.625, அங்கே 2.63-க்குப் பதில் 2.62 அச்சாகும்.

"டெசிமல் போட்டேன், அப்படியும் 2.67 தான் வருகிறது." (ஊட்டி)

நீங்கள் அனுப்பிய வரி `Decimal(107 * 2.5 / 100)`. கணக்கு ஃப்ளோட்டில் முடிந்த பிறகுதான் டெசிமலுக்குள் போகிறது. கெட்டுப்போன எண்ணை டெசிமல் அப்படியே பத்திரப்படுத்தும், திருத்தாது. எண்ணை மேற்கோள் குறிக்குள் எழுத்தாகக் கொடுங்கள்.

"இவ்வளவு எதற்கு? எல்லாவற்றையும் பைசாவாக முழு எண்ணில் வைத்தால் போதாதா?" (கொடைக்கானல், மலைப்பூண்டு வியாபாரம்)

கூட்டல் கழித்தலுக்குப் போதும் அண்ணா, சேமித்து வைக்கவும் நல்ல வழி. ஆனால் எடை வந்தால்? கிலோ 22.35 ரூபாய் வீதம் 18.65 கிலோ பச்சைத் தேயிலை என்றால் 41,682.75 பைசா. அந்த முக்கால் பைசாவை என்ன செய்வது என்று நீங்கள்தான் நிரலில் சொல்லியாக வேண்டும். முழு எண் வகுத்தல் அதைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும், இலை கொண்டுவந்தவருக்கு அந்தப் பைசா போய்ச் சேராது.

"பில்லின் அடியில் 'ரவுண்ட் ஆஃப்' வரியை எப்படி எடுப்பது?" (குன்னூர்)

அது முழு ரூபாயாக்கும் வரி, இந்த விஷயம் இல்லை. உங்கள் மென்பொருளின் அச்சு அமைப்பில் தேடுங்கள்.

"ஜாவாஸ்கிரிப்ட்டில் toFixed(2) போட்டால் சரியாகிவிடும்தானே?" (ஊட்டி)

ஆகாது. `(2.675).toFixed(2)` போட்டுப் பாருங்கள், `2.67` வரும். காரணம் முதல் பதிலில் இருக்கிறது. இதே கேள்வி வேறு மொழிகளின் பெயரில் மூன்று வந்திருக்கிறது. தயவுசெய்து முதல் பதிலைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

"டெசிமலுக்கு மாறிய பிறகும் மொத்தத்தில் 6 பைசா வித்தியாசம். டெசிமலும் நம்ப முடியாததா?" (கோத்தகிரி)

இன்றைக்கு வந்ததிலேயே நல்ல கேள்வி இது. உங்கள் பில்லில் அதே 107 ரூபாய் பாக்கெட் பன்னிரண்டு தனி வரிகளாக இருக்கிறது. வரிக்கு வரி ரவுண்ட் செய்தால் 2.68 × 12 = 32.16. மொத்தம் 1,284-க்கு ஒரே தடவை 2.5% போட்டால் சரியாக 32.10. இரண்டிலும் டெசிமல் தவறவில்லை. எந்த இடத்தில் ரவுண்ட் செய்வது என்பதை அது முடிவு செய்யாது.

இதைச் சொன்னதும் விவாதம் கிளம்பிவிட்டது. பூண்டு அண்ணா "மொத்தத்தில்தான் செய்ய வேண்டும், வாடிக்கையாளரிடம் கூட வாங்கக் கூடாது" என்கிறார். குன்னூரில் கணக்கு எழுதும் ஒருவரோ, "ஒரு பாக்கெட் திரும்பி வந்தால் அந்த வரியில் அச்சான 2.68-ஐத்தானே திருப்பித் தர வேண்டும்? மொத்தத்தில் செய்தால் எந்தத் தொகையைத் தருவீர்கள்?" என்று கேட்கிறார். நான் வரிக்கு வரிதான் செய்கிறேன், அச்சான வரிகளைக் கூட்டினால் அடியில் இருக்கும் தொகை வர வேண்டும் என்பதற்காக. அண்ணா ஒப்புக்கொள்ளவில்லை. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எதைச் செய்தாலும் உங்கள் ஆடிட்டரிடம் முதலிலேயே கேட்டு, அதையே எல்லா பில்லிலும் செய்யுங்கள்.

"எஸ்க்யூலைட்டில் DECIMAL(10,2) என்று வைத்திருக்கிறேன். அது போதும்தானே அக்கா?" (கோத்தகிரி)

போதாது. எஸ்க்யூலைட் அந்தப் பெயரை ஏற்றுக்கொள்ளும், ஆனால் 2.68-ஐ உள்ளே ஃப்ளோட்டாகத்தான் வைக்கும். அங்கே 268 என்று பைசாவாக வையுங்கள். இந்த ஒரு இடத்தில் பூண்டு அண்ணா சொன்னதுதான் சரி.